சில்வரா, கோல்டா? பிளானை விளக்குற கரோசலை எப்படிப் போடுறது

சாஃப்ட்வேர் விக்கிறவங்க இன்ஸ்டாகிராம்ல பிளான் விளக்கி கரோசல் போடுவாங்க. முதல் கார்டுல பேசிக், அடுத்ததுல ஸ்டாண்டர்ட், அதுக்கு அடுத்ததுல பிரீமியம். ஒவ்வொண்ணுலயும் பன்னெண்டு டிக் மார்க். அதைப் பார்த்து ஒரு கடைக்காரரால முடிவு எடுக்க முடியுமா? இந்த எபிசோடுல அதைப் பத்திதான் பேசப் போறேன். எடுத்துக்கிற உதாரணம் டேலிபிரைம். நம்ம கோவில்பட்டி, பசுவந்தனை பக்கம் கணக்கு எழுதுற கடைகள்ல எல்லாருக்கும் தெரிஞ்ச பேரு அது.

பேருலயே ஒரு குழப்பம்

டேலிபிரைம்ல முக்கியமா ரெண்டு லைசென்ஸ் உண்டு: சில்வர், கோல்ட். பேரைக் கேட்ட உடனே என்ன தோணும்? கோல்டுல வசதி அதிகம், சில்வர்ல ஏதோ குறைச்சிருப்பாங்கன்னு தோணும். ஆனா விஷயம் அது இல்ல. ஜிஎஸ்டி பில், ஸ்டாக், பாக்கி லிஸ்ட், பேங்க் கணக்கு எல்லாம் ரெண்டுலயும் ஒண்ணுதான். சில்வர்னா ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஆள். கோல்டுன்னா ஒரே லேன்ல இருக்கிற பல கம்ப்யூட்டர்ல பல பேர் ஒரே கணக்குல ஒரே நேரத்துல வேலை பார்க்கலாம். வித்தியாசம் தரத்துல இல்ல, தலை எண்ணிக்கையில.

இதுதான் இந்த பிளான்களுக்கு நடுவுல இருக்கிற வேலி. எந்த சாஃப்ட்வேரா இருந்தாலும் இப்படி ஒரு வேலி இருக்கும். சிலதுல ஆள் கணக்கு, சிலதுல மாசத்துக்கு எத்தனை பில்லுங்கிற கணக்கு. கரோசல் போடுறவர் முதல்ல அந்த வேலி எதுன்னு கண்டுபிடிக்கணும். அது தெரியாம டிசைனைத் தொட்டா, ரெண்டு கார்டுலயும் ஒரே டிக் மார்க்தான் திரும்பத் திரும்ப வரும்.

பிளானுக்கு ஒரு கார்டு வேண்டாம், கேள்விக்கு ஒரு கார்டு

கரோசல்ல ஒரு சங்கடம் இருக்கு. ஒரு நேரத்துல ஒரு கார்டுதான் கண்ணுக்குத் தெரியும். சில்வரை ஒரு கார்டுலயும் கோல்டை அடுத்த கார்டுலயும் போட்டா, படிக்கிறவர் முதல் கார்டை மனசுல வெச்சுக்கிட்டே ரெண்டாவதைப் பார்க்கணும். கடையில ஆள் நிக்கும்போது யாரு அப்படி ஞாபகம் வெச்சுப் பார்ப்பா?

அதனால ஒரு கார்டுல ஒரு கேள்வி. ரெண்டு பிளானோட பதிலும் அதே கார்டுல பக்கத்துல பக்கத்துல. டேலிக்கு அஞ்சு கார்டு போதும்.

முதல் கார்டு: "ஒரே நேரத்துல எத்தனை பேர் டேலியில உட்காருவாங்க?" ஒருத்தர்னா சில்வர், ரெண்டோ அதுக்கு மேலயோன்னா கோல்ட். இதை மட்டும் பார்த்துட்டு நகர்ந்தாலும் பாதிப் பேருக்குப் பதில் கிடைச்சிரும்.

ரெண்டாவது கார்டு: "ரெண்டுலயும் எது ஒண்ணு?" விக்கிறவங்க வழக்கமா விட்டுடுற கார்டு இது. சில்வர் வாங்கினா ஜிஎஸ்டி ரிட்டர்ன் வராதோங்கிற பயத்தைப் போக்குறது இதுதான்.

மூணாவது: "எல்லாரும் ஒரே கட்டடத்துலயா?" கோல்டுல ஆள் கணக்குக்கு வரம்பு இல்லைன்னதும், எந்த ஊர்ல இருந்தும் திறக்கலாம்னு நினைச்சுக்குவாங்க. அது லேனுக்குள்ள மட்டும்தான். பசுவந்தனையில கடை, கோவில்பட்டியில குடோன்னா வேற ஏற்பாடு வேணும். இதைச் சொல்லாம வித்தா, அடுத்த வாரமே சண்டைக்கு வருவாங்க.

நாலாவது விலை, அஞ்சாவது "ஒரு வருஷம் கழிச்சு என்ன?" இது ரெண்டையும் ஒரு கடையை வெச்சே பார்ப்போம்.

ஒரு கடையோட கணக்கு

பசுவந்தனையில விதை, உரம், பூச்சிமருந்து விக்கிற ஒரு அண்ணாச்சி இருக்கார்னு வெச்சுக்குங்க. மானிய உரத்துக்கு அரசாங்க பிஓஎஸ் மெஷின் தனியா இருக்கு. நாம பேசுறது அவரோட கடைக் கணக்கு. கவுண்டர்ல ஒரு கம்ப்யூட்டர், பின்னாடி இருக்கிற குடோன்ல இன்னொண்ணு. கரிசக்காடு மழையை நம்பின பூமி. புரட்டாசி மழையை ஒட்டி உளுந்து, பாசி, மக்காச்சோளம் விதைக்கிற நேரத்துல கூட்டம் நெரியும். மத்த மாசம் பையன் ஒருத்தனே பில் போட்டுடுவான்.

நான் கணக்குக்கு எடுத்துக்கிட்ட பட்டியல் விலை, சில்வர் 22,500 ரூபாய், கோல்ட் 67,500. இதுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி. அதைச் சேர்த்தா 26,550-ம் 79,650-ம். விலைக் கார்டுல ரெண்டையும் போடணும். ஏன்னா வழக்கமான ஜிஎஸ்டியில இருக்கிற கடைக்காரர் அந்த வரியை இன்புட் கிரெடிட்டா எடுத்துக்குவார். காம்போசிஷன்ல இருக்கிறவருக்கு அது கிடையாது, முழுத் தொகையும் அவரோட கைக்காசு. ஒரே பிளான், ரெண்டு பேருக்கு ரெண்டு விலை.

அதே கார்டுல மாசமும் வருஷமும் கட்டாயம் இருக்கணும். கரோசல் கரோசலாவே இருக்காது. யாராவது விலைக் கார்டை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்புவாங்க. விலை ஏறின பிறகும் அது சுத்திக்கிட்டே இருக்கும்.

லைசென்ஸ் ஒரு தடவை வாங்கினா நம்மளதுதான். ஆனா அப்டேட் வேணும்னா டிஎஸ்எஸ்ங்கிற சந்தா வேணும். முதல் வருஷம் லைசென்ஸோடவே வரும். அதுக்கு அப்புறம் வருஷத்துக்கு சில்வருக்கு 4,500, கோல்டுக்கு 13,500, வரி தனி. கட்டலைன்னா சாஃப்ட்வேர் நின்னு போகாது, புது வெர்ஷன் கிடைக்காது. ஜிஎஸ்டி விதி மாறிக்கிட்டே இருக்கிற நாட்டுல அதைக் கட்டித்தான் ஆகணும். அஞ்சு வருஷத்துக்குப் பார்த்தா வரி இல்லாம சில்வர் 40,500, கோல்ட் 1,21,500. வித்தியாசம் 81,000 ரூபாய்.

இப்ப அண்ணாச்சி கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான். குடோன்ல இறங்குற சரக்கை சாயங்காலம் கவுண்டர் கம்ப்யூட்டர்லயே ஏத்தினா என்ன கெட்டுப்போகும்? ஒண்ணும் கெடாதுன்னா சில்வர் போதும். பகல்ல வந்த மூட்டை ஸ்டாக்ல ஏறாததால "இல்ல"ன்னு சொல்லி ஆளைத் திருப்பி அனுப்புறாங்கன்னா, கோல்டுக்குக் காரணம் இருக்கு. சந்தேகமா இருந்தா சீசன்ல ஒரு வாரம், கம்ப்யூட்டருக்காக யாராவது காத்திருக்கிற ஒவ்வொரு தடவையும் நோட்டுல ஒரு கோடு போடச் சொல்லுங்க. சில்வர்ல இருந்து கோல்டுக்குப் பிறகு மாறிக்கலாம்ங்கிறதால, சின்னதுல ஆரம்பிக்கிறதுல பயம் இல்ல.

ரெண்டு சில்வர் வாங்கினா 45,000-தானேன்னு சிலர் கேட்பாங்க. வாங்கலாம், ஆனா அது ரெண்டு தனிக் கணக்கு. கவுண்டர்ல வித்த மூட்டை குடோன் ஸ்டாக்ல குறையாது.

வேலை செஞ்சதான்னு எப்படித் தெரியும்?

லைக்கைப் பார்க்காதீங்க, வர்ற மெசேஜைப் பாருங்க. "சில்வர்ல ஜிஎஸ்டி பில் வருமா?"ன்னு கேட்டா ரெண்டாவது கார்டு போய்ச் சேரலைன்னு அர்த்தம். "டாக்ஸோட எவ்வளவு?"ன்னா நாலாவது சரியில்ல. "எது சார் நல்லது?"ன்னு கேட்டா முதல் கார்டே தோத்துருச்சு. "எங்க கடையில ரெண்டு பேரு, ஆனா ஒருத்தர் ஞாயித்துக்கிழமை மட்டும் வருவார், எது போதும்?"னு கேட்டா உங்க கரோசல் வேலை செஞ்சிருக்கு. அவருக்கு சில்வர்னு சொல்லுங்க. மூணுல ஒரு பங்கு காசுதான் வரும். ஆனா அடுத்த வருஷம் டிஎஸ்எஸ் கட்ட உங்ககிட்டதான் வருவார்.