நாற்பது லேபிள், ஐம்பதாயிரம் படம்

டொராண்டோ பல்கலைக்கழகத்தில் 2009 வாக்கில் உருவான சிஃபார்-10 என்ற படத்தொகுப்பில் பயிற்சிக்கென்று 50,000 படங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 32-க்கு 32 புள்ளிகள்தான், கட்டைவிரல் நகத்தைவிடச் சின்னது. விமானம், கார், பறவை, பூனை, மான், நாய், தவளை, குதிரை, கப்பல், லாரி என்று பத்து வகை, வகைக்கு 5,000 படம். எது எந்த வகை என்று லேபிள் ஒட்டியவர்கள் மாணவர்கள். அந்த வேலைக்குக் கூலி கொடுக்கப்பட்டது.

பூனை, நாய் என்றால் மாணவர்கள் போதும். நுரையீரல் எக்ஸ்ரே என்றால் டாக்டர் உட்கார வேண்டும், அவர் நேரத்துக்கு விலை அதிகம். படங்கள் லட்சக்கணக்கில் குவிந்து கிடக்கும், லேபிள் உள்ளவை மட்டும் சொற்பமாக இருக்கும். லேபிள் இல்லாத அந்தக் குவியலையும் பாடத்துக்குப் பயன்படுத்த முடியுமா என்ற கேள்வியிலிருந்து பிறந்ததுதான் 'அரை மேற்பார்வைக் கற்றல்'.

இதில் மிக எளிய உபாயத்தைக் கொரியாவைச் சேர்ந்த டோங்-ஹ்யுன் லீ 2013-இல் முன்வைத்தார். லேபிள் உள்ள கொஞ்சம் படங்களை வைத்து மாடலுக்கு முதலில் பாடம் நடத்த வேண்டும். பிறகு லேபிள் இல்லாத படத்தைக் காட்டி 'இது என்ன?' என்று கேட்க வேண்டும். அது சொல்லும் பதிலையே லேபிளாக ஒட்டி, அதே மாடலுக்குத் திரும்பவும் பாடமாகக் கொடுக்க வேண்டும். இப்படி ஒட்டுவதற்குப் போலி லேபிள் என்று பெயர். கேட்டவுடன் சந்தேகம் வருவது நியாயம்தான்: மாணவன் தன் விடைத்தாளைத் தானே திருத்தி மார்க் போட்டுக்கொண்டால் அவன் எப்படித் தேறுவான்?

அந்தச் சந்தேகத்துக்குத் தெளிவான பதிலைத் தந்தது, 2020-இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஃபிக்ஸ்மேட்ச் என்ற முறை. சிஃபார்-10-இல் வகைக்கு நாலு படம், மொத்தம் 40 படங்களுக்கு மட்டும் லேபிளை வைத்துக்கொண்டு மற்றவற்றின் லேபிளை மறைத்துவிட்டார்கள். அப்படியும், மாடல் பார்த்தேயிராத சோதனைப் படங்களில் 86 முதல் 89 சதவீதம் வரை சரியான பதில் வந்தது. லேபிளை 250 ஆக்கியபோது அது 95 சதவீதத்தை எட்டியது.

இதற்குள் நடப்பதை ஒரே ஒரு படத்தை வைத்துப் பார்க்கலாம். லேபிள் இல்லாத குதிரைப் படம் ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை இரண்டு பிரதி எடுக்கிறார்கள். முதல் பிரதியில் மாற்றம் பெயரளவுக்குத்தான்: இடவலம் திருப்புவது, நாலைந்து புள்ளி நகர்த்துவது, அவ்வளவே. இந்தப் பிரதியைப் பார்த்து மாடல் 'குதிரை 0.97, மான் 0.02, மற்றதெல்லாம் சேர்ந்து 0.01' என்கிறது. முறையில் வைத்திருக்கும் நம்பிக்கை வரம்பு 0.95. குதிரை அதைத் தாண்டிவிட்டதால் 'குதிரை' என்ற போலி லேபிள் ஒட்டப்படுகிறது.

இரண்டாவது பிரதியைத்தான் படாதபாடு படுத்துகிறார்கள். நிறத்தைத் திரிக்கிறார்கள், சாய்க்கிறார்கள், ஒரு பகுதியைச் சாம்பல் நிறச் சதுரம் போட்டு மறைக்கிறார்கள். இதைப் பார்த்ததும் மாடல் தடுமாறி, 'குதிரை 0.55, மான் 0.30' என்கிறது. தெளிவான பிரதியில் உறுதியாகச் சொன்ன பதிலை இந்தச் சிதைந்த பிரதியிலும் சொல்ல வேண்டும் என்பதே பாடம். 0.55 மேலே ஏறும்படி மாடலின் உள் எண்கள் திருத்தப்படுகின்றன. பதிலை எழுதியது சுலபமான தாளில், பரீட்சை நடப்பது கடினமான தாளில். மாடல் தன்னிடமிருந்தே எதையாவது கற்றுக்கொள்ள முடிவது இந்த இடைவெளியால்தான். இரண்டாவது பிரதியிலும் லேசான மாற்றமே செய்து பார்த்தபோது, சரியான பதில் 45 சதவீதம் வரை ஏறிப் பிறகு 12 சதவீதத்துக்குச் சரிந்தது. பத்து வகையில் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே 10 சதவீதம் கிடைத்துவிடும்.

அடுத்த படத்துக்கு 'பூனை 0.62, நாய் 0.31' என்று வந்தால்? அது வரம்பைத் தாண்டவில்லை, அந்தச் சுற்றில் அந்தப் படம் கணக்கில் வராது. ஆனால் குப்பைக்கும் போகாது. அதே படம் பின்னொரு சுற்றில் வரும்போது மாடல் தேறியிருந்தால் 0.96 என்று சொல்லி உள்ளே நுழைந்துவிடும். ஒவ்வொரு சுற்றிலும் லேபிள் உள்ள 64 படங்களும் லேபிள் இல்லாத 448 படங்களும் போகின்றன. ஆரம்பத்தில் வரம்பைத் தாண்டுபவை சொற்பம் என்பதால் உண்மை லேபிள்களே மாடலை நடத்துகின்றன. போகப்போக போலி லேபிள்களின் கை ஓங்குகிறது. யாரும் தனியாகத் திட்டமிடாமலே இந்த வரிசை அமைந்துவிடுவது இந்த முறையின் அழகு.

0.95 என்றால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து சரி என்று மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இன்றைய ஆழ்கற்றல் மாடல்கள் தங்கள் திறமைக்கு மீறிய உறுதியோடு பேசுபவை. 2017-இலேயே இது அளந்து காட்டப்பட்டுவிட்டது. பூனை ஒன்றை மாடல் 0.97 உறுதியோடு நாய் என்றால் வரம்பு அதைத் தடுக்காது. அந்தத் தப்பு பாடமாகிறது, அதைப் போன்ற இன்னும் பத்துப் பூனைகள் நாயாகின்றன, உறுதி 0.99 ஆகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கோ வரம்பைத் தாண்டும் படங்கள் கூடிக்கொண்டே போவதால் எல்லாம் நன்றாக நடப்பதுபோலத் தெரியும்.

கண்டுபிடிக்க ஒரு வழி, போலி லேபிள்களை வகைவாரியாக எண்ணிப் பார்ப்பது. வகைக்கு 5,000 இருக்க வேண்டிய தொகுப்பில் நாய் எட்டாயிரத்தையும் பூனை ஆயிரத்தையும் ஒட்டி நின்றால் சங்கதி புரிந்துவிடும். எந்த வகை எவ்வளவு இருக்கும் என்றே தெரியாத இடத்தில், லேபிள் உள்ள கொஞ்சம் படங்களைப் பாடத்தில் சேர்க்காமல் ஒதுக்கி வைத்துச் சோதிப்பதைத் தவிர வழியில்லை. இருப்பதே நாற்பது என்னும்போது ஒதுக்குவதற்கு மனசு வராது என்பது வேறு விஷயம்.

தொடக்கப் படங்கள் எவை என்பதும் விதியைத் தீர்மானிக்கிறது. ஃபிக்ஸ்மேட்ச் குழு வகைக்கு ஒரே ஒரு படம் வைத்தும் சோதித்தது. வகையின் முகம் பளிச்சென்று தெரியும் படங்களைக் கொடுத்தபோது சரியான பதில் 78 சதவீதம் அளவுக்கு வந்தது. விசித்திரமான படங்களைக் கொடுத்தபோது மாடல் தேறவே இல்லை, 10 சதவீதத்தில் நின்றது. இரண்டு இடத்திலும் லேபிள் பத்துதான். கையில் கிடைத்ததற்கெல்லாம் லேபிள் ஒட்டாமல், எந்தப் படத்துக்கு ஒட்டுவது என்று யோசிக்க அரை நாள் செலவழித்தாலும் நஷ்டமில்லை.

எல்லா வகைக்கும் ஒரே வரம்பு என்பதிலும் சிக்கல் உண்டு. பூனை போன்ற குழப்பமான வகைகளில் மாடல் 0.95-ஐ எளிதில் எட்டாது. அதனால் அந்த வகைக்குப் பாடமும் குறைந்துவிடும். 2021-இல் வந்த ஃப்ளெக்ஸ்மேட்ச், பின்தங்கிய வகைகளுக்கு வரம்பைத் தாழ்த்தி, தேறத் தேற உயர்த்துகிறது. அதே 40 லேபிளில் அது ஏறத்தாழ 95 சதவீதத்தை எட்டியது.

வரம்பை எப்படித் திருகினாலும் தீராத இடம் ஒன்று இருக்கிறது. 2018-இல் நடந்த ஓர் ஆய்வில் மாடலுக்குச் சொல்லிக்கொடுத்தது ஆறு விலங்கு வகைகளை மட்டும். லேபிள் இல்லாத குவியலில் படிப்படியாக வாகனப் படங்களைக் கலந்தார்கள். முற்றிலும் வாகனமாகிவிட்டபோது, அந்தக் குவியலைத் தொடாமலே இருந்திருக்கலாம் என்கிற அளவுக்குச் சில முறைகளின் பதில் கெட்டது. ஆறே வகை தெரிந்த மாடலிடம் லாரியைக் காட்டினால், 1 என்ற மொத்த நம்பிக்கையை அது அந்த ஆறு விலங்குகளுக்குள்தான் பங்கிட்டாக வேண்டும். 'இது எதுவும் இல்லை' என்று சொல்ல அதனிடம் இடமே கிடையாது. சில லாரிகள் 0.95-ஐயும் தாண்டிக் குதிரையாகிவிடும்.