தீபாவளி பிளவுஸுக்கு டோக்கன்

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது லேடீஸ் டெய்லர் கடை வாசலில் ஓர் அட்டை தொங்கும்: ‘ஆர்டர் எடுப்பது நிறுத்தப்பட்டது’. அதைப் படித்துவிட்டும் உள்ளே போய், “ஒண்ணே ஒண்ணுதான்க்கா, சாதா பிளவுஸ்தான்” என்று கேட்பவர்கள் நாம். அவரும் மறுக்க முடியாமல் வாங்கி வைப்பார். அப்புறம் இரவு இரண்டு மணி வரை மெஷின் ஓடும். கை அளவு சரியில்லாமல் போகும், ஹூக் தைக்க விட்டுப்போகும், தீபாவளிக்கு முந்தின இரவு கடை வாசலில் சண்டையும் நடக்கும்.

இந்த நெரிசலைக் குறைக்க இப்போது பல கடைக்காரர்கள் முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்புகிறார்கள். பெரும்பாலும் அது இப்படி இருக்கும்: ‘தீபாவளி ஆர்டர்கள் வரவேற்கப்படுகின்றன. கடைசி நேரக் கூட்டத்தைத் தவிர்க்க சீக்கிரம் துணி கொடுக்கவும்.’ சீக்கிரம் என்றால் என்றைக்கு? வாசிப்பவர் ஒவ்வொருவரும் தன் வசதிக்கு ஒரு நாளை நினைத்துக்கொள்வார். எல்லோருக்கும் வசதியான நாள் அக்டோபர் கடைசி வாரமாகத்தான் இருக்கும்.

அந்த வாரத்துக்குக் காரணம் சோம்பல் இல்லை, பணம். அக்டோபர் முதல் தேதி சம்பளம் வந்த பிறகுதான் பல வீடுகளில் புடவை எடுக்கிறார்கள். போனஸை நம்பியிருப்பவர்கள் அதற்கும் பின்னால்தான் ஜவுளிக்கடைப் படி ஏறுவார்கள். கையில் துணியே இல்லாதவரிடம் ‘சீக்கிரம் கொடுங்க’ என்று சொல்லி என்ன பயன்? ஆனால் பீரோவில் தைக்காத பிளவுஸ் பிட் மூன்று நான்கு வைத்திருக்கும் பெண்களும் எல்லாத் தெருவிலும் உண்டு. கல்யாணத்தில் வைத்துக் கொடுத்தது, ஆடித் தள்ளுபடியில் எடுத்தது என்று கிடக்கும். இவர்கள் செப்டம்பரிலேயே கொடுத்துவிடலாம். யாரும் தேதி சொல்லிக் கேட்காததால் கொடுப்பதில்லை, அவ்வளவுதான். நல்ல அறிவிப்பு இந்த இரண்டு கூட்டத்தையும் பிரித்து, ஆளுக்கொரு தேதி கொடுக்கும்.

அதற்கு முன்னால் கடைக்காரர் தன் கை வேகத்தைக் கணக்குப் போட வேண்டும். ஓர் உதாரணம் பார்ப்போம். ஓர் அக்கா வெட்டித் தைக்கிறார். கூட ஒரு பெண் ஹெம்மிங், ஹூக், பட்டன் வேலைகளைப் பார்க்கிறார். இருவருமாக நாளைக்கு ஐந்து லைனிங் பிளவுஸ் முடிக்கிறார்கள். 2026-இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. செப்டம்பர் 21 திங்களன்று தைக்க ஆரம்பித்தால் அக்டோபர் 31 சனிக்கிழமை வரை ஆறு வாரம் கிடைக்கிறது. ஞாயிறு விடுமுறை போக வாரத்துக்கு ஆறு நாள். அதில் ஐந்து நாளைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். கரண்ட் போவது, காய்ச்சல், வழக்கமான ஆல்டரேஷன் எல்லாம் ஆறாவது நாளைத் தின்றுவிடும். அக்டோபர் 19 ஆயுத பூஜை. அன்றைக்கு மெஷினுக்குப் பொட்டு வைத்து மாலை போட்டுவிடுவார்கள், தைக்க மாட்டார்கள். எல்லாம் போக 145 பிளவுஸ். அந்த அக்காவின் தீபாவளி அவ்வளவுதான்.

நவம்பர் முதல் வாரம் இந்தக் கணக்கில் வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள். அது போட்டுப் பார்த்து, தோள் இறக்கம், இடுப்பு பிடிப்பு என்று சரிசெய்து வாங்குவதற்கான வாரம். தமிழ்நாட்டில் அது அடைமழைக் காலமும்கூட. காட்டன் லைனிங்கைத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்துத்தான் வெட்ட வேண்டும். இல்லையென்றால் முதல் சலவையிலேயே உள்ளே சுருங்கி மேல்துணி உப்பிக்கொள்ளும். மழையில் லைனிங் காய ஒரு நாள் முழுக்கப் போகும். நவம்பரில் வாங்குகிற துணியில் பலரும் தவிர்த்துவிடும் வேலை இதுதான். தைத்த அன்று தெரியாது, துவைத்த பிறகுதான் தெரியும்.

145 என்பது ஆட்கள் எண்ணிக்கை இல்லை, வேலையின் எண்ணிக்கை. லைனிங் பிளவுஸ் ஒரு டோக்கன் என்றால், குழந்தைக்குப் பாவாடை சட்டை இரண்டு டோக்கன். ஆரி வேலை செய்து வந்த பட்டு பிளவுஸும் இரண்டு. கல், மணி இருக்கும் இடத்தில் ஊசி உடையாமல் மெதுவாக ஓட்ட வேண்டியிருக்கும். ஆளைக் கணக்கிட்டு நூறு பேருக்குச் சரி என்று சொன்னால், அதில் பாதிப் பேர் மூன்று மூன்று துணியோடு வந்து நிற்பார்கள்.

இந்தக் கணக்கு கையில் இருந்தால் அறிவிப்பைத் தானாகவே எழுதிவிடலாம். மேலே சொன்ன கடையின் செய்தி இப்படி இருக்கலாம்:

தீபாவளி தையல் புக்கிங் செப். 7 திங்கள் காலை 10 மணிக்கு ஆரம்பம். அட்வான்ஸ் டோக்கனுக்கு ரூ.200.

வணக்கம்க்கா. இந்தத் தீபாவளிக்கு மொத்தம் 145 டோக்கன்தான். லைனிங் பிளவுஸ் 1 டோக்கன். பாவாடை சட்டை, ஆரி பிளவுஸ் 2 டோக்கன்.

துணி கையில இருக்கா? செப். 19க்குள்ள கொடுங்க, அக். 10 வாங்கிக்கலாம். (75 டோக்கன்)

இனிமேதான் துணி எடுக்கணுமா? இப்ப டோக்கன் போட்டுட்டு அக். 10க்குள்ள துணி கொடுங்க, அக். 31 வாங்கிக்கலாம். (70 டோக்கன்)

அட்வான்ஸைத் தையற்கூலியில கழிச்சிடுவோம். சொன்ன தேதிக்குத் துணி வரலைன்னா டோக்கன் அடுத்தவங்களுக்குப் போகும். உங்க பணம் பொங்கல் வரைக்கும் கணக்குல இருக்கும். நாங்க தேதி தவறினா தையற்கூலியில பாதி கொடுத்தா போதும்.

பெயர், எத்தனை டோக்கன், எந்தத் தேதி, இது மூணும் அனுப்புங்க. டோக்கன் நம்பர் வந்தாதான் புக்கிங் உறுதி. இப்போ சரியா இருக்கிற அளவு பிளவுஸும் துணியோட வேணும்.

முதல் வரியிலேயே நாளும் தொகையும் வந்துவிட்டன. போனின் முகப்பில் எட்டிப் பார்ப்பது அந்த வரி மட்டும்தான். அங்கே ‘இனிய வாடிக்கையாளர்களுக்கு அன்பான வணக்கங்கள்’ என்று இருந்தால் பலர் பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிடுவார்கள். நவம்பர் 8 என்ற தேதி செய்தியில் எங்குமே இல்லை. பண்டிகைத் தேதி எல்லோருக்கும் தெரியும். அதை எழுதினால் மனசு அந்தத் தேதியையே கெடுவாக எடுத்துக்கொள்ளும்.

இனி அட்வான்ஸ். தெருக்காரரிடம் முன்பணம் கேட்கக் கடைக்காரர்கள் கூசுகிறார்கள். “பத்து வருஷமா உன்கிட்டதானே தைக்கிறேன், என்கிட்டயே அட்வான்ஸா?” என்ற கேள்விக்குப் பதில் சொல்வது கஷ்டம்தான். ஒருவருக்குக் கேட்டு இன்னொருவருக்கு விட்டால் இன்னும் கஷ்டம். எல்லோருக்கும் ஒரே வரியாக எழுத்தில் போய்விட்டால், “எல்லாருக்கும் அப்படித்தான்க்கா, அனுப்பினேனே” என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

தொகை எவ்வளவு? தையற்கூலி 500 ரூபாய் என்றால் 50 ரூபாய் அட்வான்ஸ் யாரையும் கட்டாது. அதை விட்டுவிட்டு ரெடிமேட் வாங்கிப் போய்விடுவார்கள். முழுத் தொகையும் கேட்டால், இன்னும் புடவையே எடுக்காதவர் ஏன் கொடுப்பார்? லைனிங், நூல், ஹூக் செலவுக்குப் போதுமானதாகவும், விட்டுவிட மனசு வராததாகவும் இருக்க வேண்டும். ஐந்நூறுக்கு இருநூறு சரியாக இருக்கும். இதை ஆளுக்கு என்று வாங்காமல் டோக்கனுக்கு என்று வாங்க வேண்டும். மாமியார், நாத்தனார் எல்லோருக்குமாகச் சேர்த்து எட்டு டோக்கனைப் பிடித்து வைத்துக்கொண்டு கடைசியில் மூன்று துணி கொண்டுவரும் பழக்கம் அதில்தான் நிற்கும்.

துணி வராவிட்டால் அட்வான்ஸ் முழுவதையும் எடுத்துக்கொள்ளலாமே என்று சிலர் கேட்பார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. காத்திருப்போர் பட்டியலிலிருந்து ஒருவருக்கு அந்த டோக்கன் போய்விட்டால் கடைக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 74-ஆவது பிரிவும், ஒப்பந்தத்தில் எவ்வளவு தொகை எழுதியிருந்தாலும் நியாயமான இழப்பீட்டைத்தான் ஒப்புக்கொள்கிறது. பொங்கல் வரை கணக்கில் வைப்பது கடைக்கும் நல்லது, அந்த வாடிக்கையாளர் தை மாதம் கட்டாயம் வருவார்.

பணம் வரும் வழியில் ஒரு சிக்கல் உண்டு. புக்கிங் மனைவி பெயரில் இருக்கும், யுபிஐ பணம் கணவர் பெயரிலோ மகன் பெயரிலோ வரும். ஒரே நாளில் முப்பது பேர் இருநூறு, நானூறு என்று அனுப்பினால் எது யாருடையது என்று தேடுவதே வேலையாகிவிடும். பணம் அனுப்பும்போது குறிப்பில் தைப்பவர் பெயரைப் போடச் சொல்ல வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்து டோக்கன் நம்பர் கொடுக்கவும் கூடாது. வங்கிக் கணக்கில் ஏறியதைப் பார்த்துவிட்டுத்தான் நோட்டில் எழுத வேண்டும்.

அனுப்புவதிலும் வரிசை இருக்கிறது. வாட்ஸ்அப்பில் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேரைச் சேர்க்கலாம். ஆனால் நம் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். ‘எனக்கு வரவே இல்லையே’ என்று சொல்பவர் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பினால் பதில் சொல்லியே ஒரு நாள் தையல் போய்விடும் என்பதால், பழைய வாடிக்கையாளர்களுக்கு முப்பது முப்பது பேராக அனுப்புவது நல்லது. செப்டம்பர் 14 விநாயகர் சதுர்த்தி. கொழுக்கட்டை வேலையில் இருப்பவர்களைத் தொந்தரவு செய்யாமல், மறுநாள் 15-ஆம் தேதி மிச்ச டோக்கனை ஸ்டேட்டஸில் போட்டு மற்றவர்களுக்குத் திறக்கலாம்.

இரண்டாம் தவணை 70 டோக்கன் முதலில் தீர்ந்துவிடும், சந்தேகமே வேண்டாம். அப்போது ‘அக். 31 டோக்கன் முடிஞ்சுது, அக். 10 தேதிக்கு 22 இருக்கு’ என்று எண்ணோடு இன்னொரு செய்தி போக வேண்டும். பீரோவைத் திறக்க வைப்பது இந்தச் செய்திதான். அதன் பிறகு இரண்டாம் தவணைக்குக் கேட்பவர்களின் பெயரை மட்டும் எழுதிக்கொள்ள வேண்டும், பணம் வாங்கக் கூடாது. அக்டோபர் 5 அன்று டோக்கன் போட்டவர்களுக்கு ஒரு நினைவூட்டல். 10-ஆம் தேதி இரவு துணி வராத டோக்கன்கள் பெயர் வரிசைப்படி அடுத்தவர்களுக்குப் போகும்.

தீபாவளிக்கு ஐந்து நாள் முன்னால் போனஸ் வாங்குபவருக்கு இந்த ஏற்பாடு எதுவும் உதவாது. அவர் புடவையை எடுத்துக்கொண்டு வரும்போது, “பொங்கலுக்குத் தைச்சுத் தர்றேன்க்கா, இப்போதைக்கு இந்தப் புடவைக்குப் பொருத்தமா ரெடிமேட் பிளவுஸ் ஒண்ணு வாங்கிக்கோங்க, உடம்புக்குச் சரியா பிடிச்சுக் கொடுக்கிறேன்” என்று அக்கா சொல்லலாம். பக்கவாட்டில் இரண்டு தையல், பத்து நிமிட வேலை. நவம்பர் முதல் வாரத்தைக் காலியாக வைத்திருந்தால்தான் அதற்கும் நேரம் இருக்கும்.