செக்கை நிறுத்தலாம், கடனை நிறுத்த முடியுமா?

ஈரோட்டில் ஜவுளிக் கடை வைத்திருக்கும் ஒருவர், திங்கட்கிழமை மாலை 80,000 ரூபாய்க்கு ஒரு செக் எழுதிப் போர்வை மொத்த வியாபாரியிடம் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் காலையில் பண்டலைப் பிரித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் சாயம் போன சரக்கு. போன் செய்தால் வியாபாரி எடுப்பதாக இல்லை. கடையில் கணக்கு எழுதுபவர் சொல்கிறார்: "அண்ணே, செக்கை ஸ்டாப் பண்ணிடுங்க, மத்ததை அப்புறம் பேசிக்கலாம்."

அப்படிச் செய்யக் கடைக்காரருக்கு முழு உரிமை உண்டு. செக் என்பது வாடிக்கையாளர் தன் வங்கிக்கு எழுதித் தரும் உத்தரவு. 'இன்னாருக்கு இவ்வளவு கொடு' என்று சொன்னவரே, பணம் கைமாறுவதற்கு முன் 'கொடுக்காதே' என்றும் சொல்லலாம். அதற்குமேல் வங்கி பணம் கொடுக்கக் கூடாது. கொடுத்துவிட்டால் அந்தப் பொறுப்பு வங்கியைச் சேரும். ஆனால் இந்த உரிமை செக் எழுதியவருக்கு மட்டுமே உண்டு. செக்கைப் பெற்றவர் அதை எங்காவது தொலைத்துவிட்டால்கூட, எழுதிக் கொடுத்தவரிடம் சொல்லித்தான் நிறுத்த வேண்டும். கூட்டுக் கணக்காக இருந்தால், கணக்கு வைத்திருப்பவர்களில் யாராவது ஒருவர் சொன்னாலே நிறுத்துவது வங்கி வழக்கம். நிறுத்தியதை விலக்குவதற்குத்தான் எல்லாருடைய கையெழுத்தையும் கேட்பார்கள்.

கடைக்காரரின் முதல் பிரச்சினை நேரம். முன்பெல்லாம் கிளியரிங்குக்குப் போட்ட செக் பாஸாக ஒன்றிரண்டு வேலை நாள் பிடிக்கும். அதற்குள் யோசித்து முடிவெடுக்கலாம். 2025 அக்டோபர் 4 முதல் ரிசர்வ் வங்கி அந்த முறையை மாற்றிவிட்டது. இப்போது பகல் நேரத்தில் வங்கிகளில் சேரும் செக்குகளின் படங்கள் அவ்வப்போதே எழுதியவரின் வங்கிக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. அந்த வங்கி மாலை 7 மணிக்குள் சரி என்றோ இல்லை என்றோ பதில் தர வேண்டும். பதில் வராவிட்டால் செக் ஏற்கப்பட்டதாகவே கொள்ளப்படும். வியாபாரி செவ்வாய்க்கிழமை 11 மணிக்கு செக்கைப் போட்டிருந்தால், பிற்பகலிலேயே அது பாஸாகிவிடலாம். அதன்பிறகு தரும் உத்தரவுக்கு எந்தப் பலனும் இல்லை. பேரர் செக்கைக் கவுண்டரில் நீட்டிப் பணமாக வாங்கிவிட்டாலும் இதே கதிதான்.

உத்தரவு வங்கியிடம் 'போய்ச் சேர்ந்தது' என்று எப்போது சொல்ல முடியும்? இதற்கு இங்கிலாந்தில் 1908-இல் தீர்ப்பான ஒரு வழக்கு இன்றும் வங்கியியல் பாடங்களில் சொல்லப்படுகிறது. குதிரைகள் வாங்க 63 பவுனுக்கு ஒருவர் செக் கொடுத்தார். குதிரைகள் வந்து சேரவில்லை. அன்றே வங்கிக்குத் தந்தி அடித்தார். அது கிளை மூடியபின் வந்ததால் வாசல் கடிதப்பெட்டியில் போடப்பட்டது. மறுநாள் ஊழியர்கள் அதைக் கவனிக்கவில்லை. செக்குக்குப் பணம் போய்விட்டது. வாடிக்கையாளர் வழக்குப் போட்டுத் தோற்றார். பெட்டியில் கிடந்த தந்தியை வைத்து வங்கிக்குத் தகவல் தெரிந்துவிட்டதாகச் சொல்ல முடியாது என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். இன்றைக்கு வங்கியின் பொது மின்னஞ்சலுக்கு ஒரு வரி அனுப்பிவிட்டு நிம்மதியாக இருப்பவருக்கும் இந்த ஆபத்து உண்டு. நெட் பேங்கிங்கிலோ வங்கியின் செயலியிலோ பதிவு செய்து ஒப்புகை எண் வாங்குவது, அல்லது கிளைக்கு நேரில் போய்க் கடிதம் கொடுத்து நகலில் நேரத்தோடு முத்திரை பெறுவது, இந்த இரண்டில் ஒன்றே பாதுகாப்பானது.

அடுத்தது எண். செக்கின் அடியில் உள்ள வெள்ளைப் பட்டையில் வரிசையாக எண்கள் அச்சாகியிருக்கும். இடது ஓரத்தில் முதலில் வரும் ஆறு இலக்கம்தான் செக் எண். அதை அடுத்து வரும் ஒன்பது இலக்கம் வங்கிக் கிளையின் குறியீடு. வங்கியின் கணினி நிறுத்த உத்தரவை இந்த ஆறு இலக்கத்தை வைத்தே அடையாளம் காண்கிறது. பெயரும் தொகையும் சரியாக இருந்து எண்ணில் ஒரு இலக்கம் பிசகினாலும் செக் பாஸாகிவிடும். இதற்கும் 1926-இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை தந்த ஒரு தீர்ப்பு இருக்கிறது. வாடிக்கையாளர் தந்தியில் தவறான செக் எண்ணைக் கொடுத்துவிட்டார். சரியான எண்ணுள்ள செக் வந்தபோது, இது வேறு செக் என்று நினைத்து வங்கி பணம் கொடுத்தது. வங்கி மீது தவறில்லை என்று தீர்ப்பாயிற்று. எனவே கடைக்காரர் தன் நினைவை நம்பாமல், செக் புக்கின் அடிக்கட்டையைப் பார்த்து எண்ணைக் கொடுக்க வேண்டும்.

செலவு பெரிதில்லை. பல வங்கிகளில் ஒரு செக்குக்கு 100 ரூபாய் அளவில் கட்டணம்; 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 118 ரூபாய். செக் புக்கே தொலைந்துபோனால், தொடர் எண்களை மொத்தமாக நிறுத்த ஒரே கட்டணம் வைத்திருக்கும் வங்கிகளும், ஆன்லைனில் செய்தால் கட்டணமே வாங்காத வங்கிகளும் உண்டு. சரியான தொகை ஒவ்வொரு வங்கியின் கட்டணப் பட்டியலிலும் இருக்கும்.

உண்மையான செலவு இதற்குப் பிறகுதான் வருகிறது. செக் திரும்பும்போது வியாபாரியின் கைக்கு ஒரு ரிட்டர்ன் மெமோ வரும். அதில் காரணம், 'எழுதியவரால் நிறுத்தப்பட்டது' என்று இருக்கும். 'பணம் இல்லை' என்று வரவில்லையே, இது செக் பவுன்ஸ் வழக்காகாது என்று பலர் நினைக்கிறார்கள். அந்த எண்ணத்துக்கு ஒரு பழைய காரணமும் உண்டு.

1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில், 1989 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த 138-ஆவது பிரிவு, கணக்கில் போதிய பணம் இல்லாததால் திரும்பும் செக்கைப் பற்றித்தான் பேசுகிறது. நிறுத்த உத்தரவு என்ற சொல்லே அதில் இல்லை. 1996-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், செக்கைப் போட வேண்டாம் என்று எழுதியவர் முன்கூட்டியே அறிவித்துவிட்டால் இந்தப் பிரிவு பொருந்தாது என்ற பொருளில் ஒரு கருத்தைச் சொன்னது. கணக்கில் காசில்லாதவர்களுக்கு அது வசதியாகிப் போனது: செக் போவதற்கு முன் ஒரு கடிதம் எழுதிவிட்டால் தப்பித்துவிடலாம். 1998-இல் மோடி சிமென்ட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றமே அந்தக் கருத்தைத் தள்ளுபடி செய்தது. நிறுத்த உத்தரவால் திரும்பிய செக்குக்கும் 138-ஆவது பிரிவின் கீழ் வழக்குத் தொடரலாம் என்றது.

அப்படியானால் நியாயமான காரணத்துக்காக நிறுத்தியவரும் குற்றவாளியா? இல்லை என்பதை 2001-இல் எம்எம்டிசி நிறுவனம் தொடர்ந்த வழக்கின் தீர்ப்பு தெளிவாக்கியது. செக் வந்த நேரத்தில் கணக்கில் போதிய பணம் இருந்தது, கொடுக்க வேண்டிய கடன் எதுவும் இல்லாததால்தான் நிறுத்தினேன் என்ற இரண்டையும் எழுதியவர் காட்டிவிட்டால் குற்றமாகாது. காட்ட வேண்டிய பொறுப்பு அவருடையது. ஏனென்றால், செக் கொடுத்தாலே அது ஏதோ ஒரு கடனுக்காகத்தான் என்று 139-ஆவது பிரிவு அனுமானித்துக்கொள்கிறது.

ஈரோட்டுக் கடைக்காரரிடம் திரும்பி வருவோம். கணக்கில் 80,000 ரூபாய் இருக்கிறதா? இருந்தால் அதை உடனே வேறு செலவுக்கு எடுத்துவிடக் கூடாது. செக் அதன் தேதியிலிருந்து மூன்று மாதம் செல்லும். அதற்குள் வியாபாரி மறுபடியும் போடலாம். அடுத்தது காரணம். சாயம் போன போர்வைகளின் படங்கள், பில், சரக்கைத் திருப்பி எடுத்துக்கொள்ளும்படி அனுப்பிய கடிதம் ஆகியவை நிறுத்திய அன்றே கையில் இருக்க வேண்டும். நல்ல சரக்கு 35,000 ரூபாய்க்கு இருக்கிறது என்றால், அந்தப் பணத்தைப் பரிமாற்றம் செய்துவிட்டு மீதிக்குத்தான் தகராறு என்று எழுதுவதே சரி. மொத்த 80,000-த்தையும் பிடித்துவைத்துக்கொண்டு, கடனே இல்லை என்று வாதாடினால் நீதிமன்றத்தில் எடுபடாது.

வியாபாரி விடப்போவதில்லை. ரிட்டர்ன் மெமோ கிடைத்த 30 நாளுக்குள் அவர் வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாம். நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் பணம் கட்டாவிட்டால், அதன்பின் ஒரு மாதத்துக்குள் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் புகார் கொடுக்கலாம். குற்றம் உறுதியானால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். இது தவிர சிவில் வழக்கின் வழியும் திறந்தே இருக்கிறது.

இந்த 15 நாளைத்தான் பலர் வீணடிக்கிறார்கள். 2010-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு கர்நாடக வழக்கில், 45,000 ரூபாய் செக்கை நிறுத்தியவர், கையெழுத்துப் போட்ட வெற்று செக் தொலைந்துபோனதாகச் சொன்னார். கையெழுத்து அவருடையதுதான். ஆனால் வந்த நோட்டீஸுக்கு அவர் பதிலே அனுப்பவில்லை. தொலைந்த கதையை நீதிமன்றம் நம்பவில்லை. அவர் குற்றவாளி என்ற தீர்ப்பு நிலைத்தது.

கையெழுத்து மட்டும் போட்ட செக் உண்மையிலேயே தொலைந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. தேதி போட்ட செக் மூன்று மாதத்தில் தானாகவே காலாவதியாகும். தேதி போடாத செக்கில் கையில் வைத்திருப்பவர் எப்போது வேண்டுமானாலும் தேதி எழுதிக்கொள்ளலாம். எனவே நிறுத்த உத்தரவு காலவரையின்றி நிற்கிறதா, குறிப்பிட்ட காலத்தோடு முடிந்துவிடுமா என்று வங்கியில் கேட்டுக்கொள்வதும், காவல் நிலையத்தில் உடனே புகார் கொடுத்து ரசீது வாங்குவதும் அவசியம்.

டிமாண்ட் டிராஃப்ட்டுக்கும் பேங்கர்ஸ் செக்குக்கும் இந்த வழி கிடையாது. பணத்தை முன்பே வாங்கிக்கொண்டு வங்கி தன் பெயரில் தரும் வாக்குறுதி அவை. சரக்கு சரியில்லை என்று வாங்கியவர் போய்ச் சொன்னாலும் வங்கி நிறுத்தாது.

முறையாகப் பதிவு செய்த உத்தரவையும் மீறி வங்கி பணம் கொடுத்துவிட்டால், ஒப்புகையோடு எழுத்தில் புகார் கொடுத்துப் பணத்தைத் திரும்பக் கேட்க வேண்டும். 30 நாளில் தீர்வு கிடைக்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். அதற்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.