ஒரு மணி நேரத்தில் எங்கே வேலை தேடுவது?

சென்னையில் நான்கு வருட அனுபவமுள்ள ஒரு சாஃப்ட்வேர் டெஸ்டர் வேறு வேலை தேடுகிறார். அலுவலகம் முடிந்து வந்தால் இரவில் மிஞ்சுவது ஒரு மணி நேரம்தான்.

நௌக்ரி போன்ற பொதுத் தளங்களில் பலரும் அந்த நேரத்தை ‘அப்ளை’ பட்டனை அழுத்தியே கழிக்கிறார்கள். ஆனால் அங்கே நிறுவனங்கள் காசு கட்டுவது விளம்பரம் போட மட்டுமல்ல, பயோடேட்டாக்களைத் தேடி எடுக்கவும்தான். செலினியம், ஏபிஐ டெஸ்டிங் என்று தேடுபவர், சமீபத்தில் தளத்துக்கு வந்தவர்களை மட்டும் வடிகட்டிப் பார்க்க முடியும். எனவே தெரிந்த கருவிகளின் பெயர்களைச் சரியாக எழுதி, வாரம் ஓரிரு முறை புரொஃபைலைப் புதுப்பித்தால் போதும். பத்து நிமிட வேலை.

ஹிரிஸ்ட் மாதிரி ஐடி துறைக்கென்றே உள்ள தளங்களில் விளம்பரங்கள் குறைவு, பொருத்தம் அதிகம். வாரம் ஒருமுறை பார்க்கலாம்.

பல இடங்களிலிருந்து விளம்பரங்களைத் திரட்டித் தரும் இன்டீட் போன்றவை துப்புக்கு நல்லவை. விண்ணப்பிக்க அல்ல என்பது என் கட்சி. மூடப்பட்ட வேலையும் அங்கே சில நாள் தொங்கிக்கொண்டிருக்கும். விளம்பரத்திலுள்ள ஜாப் ஐடியை நிறுவனத்தின் சொந்த வேலைவாய்ப்புப் பக்கத்தில் தேடுங்கள். இல்லையென்றால் பெரும்பாலும் ஆள் எடுத்தாகிவிட்டது. இருந்தால் அங்கேயே விண்ணப்பியுங்கள்.

அங்கே ஒவ்வொரு படிவமும் இருபது நிமிடம் தின்னும். ஒரு இரவுக்கு இரண்டு போதும். பிடித்த பதினைந்து நிறுவனங்களில் ஜாப் அலர்ட் போட்டுவிட்டால், தேடும் வேலையை மின்னஞ்சல் பார்த்துக்கொள்ளும்.