சேனலைப் பிரிக்கும்போது சினேகிதம் உடையாமல் இருக்க

பிள்ளைகளுக்குத் தமிழ்க் கதை சொல்லும் ஒரு யூடியூப் சேனல். கனடாவில் இரண்டு அம்மாமார் சேர்ந்து நடத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் கதை எழுதிச் சொல்கிறார். மற்றவர் படம் பிடித்து எடிட் செய்கிறார். மூன்று வருடத்தில் 120 காணொளிகள். இப்போது எடிட் செய்பவருக்கு நேரமில்லை, விலகப் போகிறார். "எங்களுக்குள்ள என்ன எழுத்து? நீயே வச்சிரு" என்று தொலைபேசியில் பேச்சு முடிகிறது. பிரச்சினை தொடங்குவதும் அங்கேதான்.

சேனலை வீடு மாதிரி விற்றுப் பாதி பாதியாகப் பிரிக்க முடியாது. ஒரு சேனலில் இருக்கும் காணொளியை இன்னொரு சேனலுக்கு அப்படியே நகர்த்தவும் வழியில்லை. புதிதாக ஏற்றினால் பார்வைகளும் கருத்துகளும் பூச்சியத்தில் இருந்து தொடங்கும். ஆகவே ஒருவர் சேனலை வைத்துக்கொண்டு, மற்றவருக்குப் பணமாகக் கொடுப்பதுதான் பெரும்பாலும் நடக்கக்கூடியது. எவ்வளவு, எத்தனை காலத்துக்கு என்பதைத்தான் எழுத வேண்டும்.

முதலில் ஒரு முடிவு நாள் குறியுங்கள். ஜூன் 30 என்று வைப்போம். ஜூன் மாத விளம்பரப் பணம் ஜூலை 21க்கும் 26க்கும் இடையில்தான் அனுப்பப்படும். அது யாருடைய ஆட்சென்ஸ் கணக்கு இருக்கிறதோ அவருக்கே வரும். "ஜூன் 30 வரை ஈட்டியது, எப்போது வந்தாலும், பாதி பாதி" என்று ஒரு வரி இருந்தால் ஜூலையில் சண்டை வராது. பணம் ஒருவர் பெயரில் வருவதால் வரிக் கணக்கிலும் அவர் பெயர்தான் நிற்கும். பங்கு வரிக்கு முன்னா, பின்னா என்பதையும் அந்த வரியிலேயே சேருங்கள்.

அடுத்தது பழைய காணொளிகள் தொடர்ந்து உழைக்கும் பணம். அந்த 120 காணொளிகளும் இப்போது மாதம் 300 டொலர் தருகின்றன என்றால், விலகுபவருக்கு முதல் 12 மாதம் பாதி, அடுத்த 12 மாதம் கால்பங்கு, பிறகு ஒன்றுமில்லை என்று பேசலாம். வருமானம் குறையாவிட்டால் அது 1800 டொலரும் 900 டொலருமாக 2700. ஆனால் பழைய காணொளிகளின் வருமானம் பொதுவாக மெல்லக் குறையும். அதனால் 2000 டொலரை இப்போதே மொத்தமாக வாங்கிக்கொண்டு விலகுவதும் நியாயம்தான். மாதப் பங்கு என்றால், யூடியூப் ஸ்டுடியோவின் அனலிடிக்ஸில் பழைய காணொளிகளை மட்டும் ஒரு குழுவாக வையுங்கள். புதிய காணொளிகளின் வருமானம் அதோடு கலக்காது. அந்தத் தொகையை மாதாமாதம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புவது என்றும் எழுதுங்கள்.

கணக்குக் கைமாற நாள் எடுக்கும். ப்ராண்ட் அக்கவுண்டில் இருக்கும் சேனல் என்றால், வைத்துக்கொள்பவரை முதலில் Owner ஆகச் சேர்க்க வேண்டும். ஏழு நாள் கழித்துத்தான் அவரை Primary owner ஆக்க முடியும். அதன் பிறகே விலகுபவரின் பெயரை எடுக்க வேண்டும். சேனலுக்கென்று தொடங்கிய மின்னஞ்சலில் மீட்பு எண்ணாக யாருடைய கைபேசி இருக்கிறது என்றும் பாருங்கள். அது பழையவருடைய எண்ணாகவே இருந்தால், கடவுச்சொல்லை மாற்றினாலும் கதவு முழுக்கப் பூட்டப்படவில்லை.

சேனல் கைமாறியதால் காணொளியின் பதிப்புரிமையும் கைமாறிவிட்டது என்று அர்த்தமில்லை. கனடா, பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா எல்லாவற்றிலும் பதிப்புரிமையை ஒருவர் மற்றவருக்குக் கொடுத்தால் அது எழுத்தில், கொடுப்பவரின் கையொப்பத்தோடு இருக்க வேண்டும். எடிட் செய்தவருக்கும் படைப்பில் உரிமை இருக்கக்கூடும். கதை சொன்னவர் நாளைக்கு அதே காணொளிகளை ஒரு தமிழ்ப் பள்ளிக்கு விற்கப் போனால் "என்னைக் கேட்டாயா?" என்ற கேள்வி வரும். ஆகவே 120 தலைப்புகளையும் பட்டியலாக இணைத்து, எந்த உரிமை யாருக்கு என்று எழுதி, இருவரும் கையொப்பமிடுங்கள். மூலப் பதிவுகள் யாருடைய ஹார்ட் டிஸ்க்கில் இருக்கின்றன, எந்தத் தேதிக்குள் நகல் கொடுப்பது என்பதும் அதில் வரட்டும்.

பெற்றோர் மறந்துவிடும் ஒன்று, காணொளியில் வரும் பிள்ளைகளின் முகம். விலகுபவரின் மகள் ஆறு வயதில் ஆடிய காணொளி, அவளுக்குப் பதினான்கு வயதாகும்போதும் அங்கேயே இருக்கும். "அம்மா, அதை எடுக்கச் சொல்லுங்கோ" என்று அவள் கேட்கும்போது சேனல் அம்மாவின் கையில் இல்லை. விலகுபவரின் பிள்ளை தெரியும் காணொளிகளை, அவர் எழுத்தில் கேட்டால் 14 நாளுக்குள் நீக்க வேண்டும், அதனால் வருமானம் குறைந்தாலும் இழப்பீடு கேட்கக்கூடாது என்று ஒரு வரி போதும். விலகிய பிறகு கெஞ்சிக் கேட்பதைவிட, கையொப்பம் போடும் அன்றே இதைக் கேட்பது எளிது.