அரிவாள் வெட்டா, கட்டை அடியா? காயச் சான்றிதழில் டாக்டர் எதை எழுதுவார், எதை எழுத மாட்டார்?

அடிதடி கேஸில் போலீஸ் எந்தப் பிரிவில் வழக்குப் போடுகிறது என்பது பெரும்பாலும் ஒரு தாளைப் பொறுத்தது. அதுதான் காயச் சான்றிதழ். ‘வெட்டுக்காயம்’ என்று எழுதுவதா, ‘கிழிந்த காயம்’ என்று எழுதுவதா என்ற ஒரு சொல்லே வழக்கின் போக்கை மாற்றிவிடும். டாக்டர் இதை எப்படி முடிவு செய்கிறார்? ஒரு கற்பனை உதாரணத்தை வைத்துப் பார்ப்போம்.

முதலில் வருவது ஏ.ஆர்.

34 வயது ஆண் ஒருவர் இரவு 9.40 மணிக்கு அரசு மருத்துவமனைக்கு வருகிறார். தலையில் ரத்தம். “தெரிஞ்ச ஆளுங்க ரெண்டு பேரு 9 மணிக்கு அரிவாளால வெட்டிட்டாங்க” என்கிறார்.

பணியில் இருக்கும் டாக்டர் இதை விபத்துப் பதிவேட்டில் எழுதுவார். பேச்சு வழக்கில் இதை ‘ஏ.ஆர். காப்பி’ என்பார்கள். வந்த நேரம், பரிசோதித்த நேரம், கூட வந்தவர், உடலில் உள்ள இரண்டு அடையாளங்கள் எல்லாம் அதில் இருக்க வேண்டும். நடந்ததைப் பற்றி ‘தெரிந்த நபர்கள் இருவர் அரிவாளால் தாக்கியதாகச் சொல்கிறார்’ என்றுதான் எழுதுவார். ‘அரிவாளால் வெட்டப்பட்டார்’ என்று எழுத மாட்டார். ஏனென்றால் அது காயம்பட்டவர் சொன்னது. டாக்டர் கண்ணால் பார்த்தது அல்ல.

தலைக்காயம் ஏன் ஏமாற்றும்?

இடது காதுக்கு 6 செ.மீ. மேலே, 5 செ.மீ. நீளத்தில் நேர்கோடாக ஒரு காயம். பார்த்தால் கத்தியால் கீறியது போலவே இருக்கிறது. ஆனால் இங்கேதான் கவனம் தேவை.

மண்டையில் தோலுக்கும் எலும்புக்கும் நடுவே சதை மிகக் குறைவு. கட்டையால் ஓங்கி அடித்தால் தோல் இரண்டுக்கும் இடையே நசுங்கி, நேர்கோடாகப் பிளந்துவிடும். நெற்றி, புருவம், முழங்கால் முன்பகுதி போன்ற இடங்களிலும் இப்படி நடக்கும். வெறும் கண்ணுக்கு அது வெட்டு மாதிரியே தெரியும்.

அதனால் டாக்டர் லென்ஸ் வைத்துப் பார்ப்பார். கூர்மையான ஆயுதம் என்றால் காயத்தின் ஓரங்கள் சுத்தமாக இருக்கும், முடியும் நறுக்கென்று வெட்டுப்பட்டிருக்கும். மழுங்கிய பொருள் என்றால் ஓரங்களில் சிராய்ப்பும் வீக்கமும் இருக்கும், முடியின் வேர் நசுங்கியிருக்கும். காயத்தை லேசாக விரித்தால் உள்ளே மெல்லிய நார்கள் பாலம் போல இரு பக்கத்தையும் இணைத்திருக்கும். கத்தி அவற்றையும் சேர்த்து அறுத்திருக்கும் என்பதால், வெட்டுக்காயத்தில் இந்தப் பாலங்கள் இருக்காது.

நம் உதாரணத்தில் பாலங்கள் இருக்கின்றன. எனவே டாக்டர் எழுதுவது இப்படி: ‘5 x 0.5 செ.மீ., எலும்பு வரை ஆழம், கிழிந்த காயம். ஓரங்களில் சிராய்ப்பு உள்ளது. மழுங்கிய பொருளால் ஏற்பட்டிருக்க வாய்ப்பு உண்டு.’

உயிருக்கு ஆபத்து என்றால் சிகிச்சைதான் முதலில். மற்றபடி இந்தக் குறிப்புகளை முடியை மழிப்பதற்கும் தையல் போடுவதற்கும் முன்பே எடுத்துவிட வேண்டும். தையல் போட்ட பிறகு பார்க்கும் டாக்டரால் இந்த வித்தியாசத்தைச் சொல்வது கடினம்.

கையில் இரண்டு சிவப்புக் கோடுகள்

அவரது இடது முன்கையில், சுண்டுவிரல் பக்கமாக, 8 செ.மீ. நீளத்துக்கு இரண்டு இணையான சிவப்புக் கோடுகள். நடுவில் 2 செ.மீ. இடைவெளியில் தோல் வெளிறியிருக்கிறது. இது தடி அல்லது லத்தி போன்ற உருண்டையான பொருள் பட்டதன் அடையாளம். அடி விழுந்த இடத்தில் ரத்தம் இரண்டு பக்கமும் ஒதுங்குவதால் ஓரங்களில் மட்டும் ரத்தக்கட்டு தெரிகிறது.

தலையைக் காக்க கையைத் தூக்கும்போது அடி இந்த இடத்தில்தான் விழும். எக்ஸ்ரே எடுத்தால் முன்கை எலும்பில் முறிவு தெரிகிறது.

இப்போது வழக்கே மாறுகிறது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 116-வது பிரிவு, எட்டு வகைக் காயங்களைக் கொடுங்காயம் என்கிறது. எலும்பு முறிவும் அதில் ஒன்று. சாதாரணக் காயம் ஏற்படுத்தினால் 115(2) பிரிவில் ஓராண்டு வரை சிறை. கொடுங்காயம் என்றால் 117(2) பிரிவில் ஏழாண்டு வரை சிறை. ரத்தம் கொட்டிய தலைக்காயத்தை விட, அவர் பெரிதாக நினைக்காத கைவலிதான் சட்டப்படி கனமானது.

எக்ஸ்ரே முடிவு வரும் முன்பு ‘சாதாரணக் காயம்’ என்று எழுதிக் கொடுத்தால் சிக்கல்தான். அதனால் ‘கருத்து நிறுத்திவைக்கப்பட்டுள்ளது’ என்று குறித்துவிட்டு, முடிவு வந்ததும் இறுதிக் கருத்தைத் தருவார்கள்.

காயத்தின் வயது: நேரம் அல்ல, வரம்பு

வலது தொடையில் இன்னொரு ரத்தக்கட்டு, 4 x 3 செ.மீ. அளவில். நிறம் பச்சையும் மஞ்சளும். “இதுவும் இப்ப அடிச்சதுதான்” என்கிறார் அவர்.

ரத்தக்கட்டு முதலில் சிவப்பாக இருக்கும், பிறகு நீலம், பச்சை, மஞ்சள் என்று மாறி, சுமார் இரண்டு வாரத்தில் மறையும். ஆனால் இது நாள்காட்டி போலத் துல்லியமானது அல்ல. வயது, அடியின் ஆழம், பட்ட இடம், தோலின் நிறம் என எல்லாவற்றையும் பொறுத்து மாறும். ஓரளவு நம்பிச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: மஞ்சள் நிறம் பொதுவாக 18 மணி நேரத்துக்கு முன் தெரியாது.

ஆக, 40 நிமிடத்துக்கு முந்தைய அடியில் மஞ்சள் வராது. டாக்டர் இந்தக் காயத்தை மறைக்கவும் கூடாது, மற்றவற்றோடு சேர்க்கவும் கூடாது. ‘பழைய காயம், சொல்லப்பட்ட சம்பவ நேரத்துடன் பொருந்தவில்லை’ என்று தனியாக எழுத வேண்டும்.

தலைக்காயத்தில் இன்னும் ரத்தம் கசிகிறது, பொருக்கு கட்டவில்லை. எனவே அது ‘புதிய காயம், சொல்லப்படும் நேரத்துடன் பொருந்துகிறது’. சரியாக 9 மணிக்குத்தான் நடந்தது என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. 7 மணிக்கு நடந்திருந்தாலும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

கோர்ட்டில் என்ன நடக்கும்?

சான்றிதழைக் கொடுத்துவிட்டால் மட்டும் போதாது. டாக்டர் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்ல வேண்டும். “அரிவாள் வெட்டு என்றார், நீங்கள் கட்டை அடி என்கிறீர்களே, அப்போது புகாரே பொய்தானே?” என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கலாம். இருட்டில் அடி வாங்கியவர் ஆயுதத்தைத் தவறாகப் புரிந்திருக்கலாம். பொய்யே சொல்லியிருக்கவும் கூடும். அதைத் தீர்மானிப்பது நீதிபதியின் வேலை. யார் அடித்தது என்பதும் டாக்டரின் எல்லைக்குள் வராது.

அளவு இல்லாமல் ‘உடலில் பல காயங்கள்’ என்றோ, ‘எலுமிச்சை அளவு வீக்கம்’ என்றோ எழுதினால் இந்தக் குறுக்கு விசாரணையில் டாக்டரிடம் பதில் இருக்காது. செ.மீ. கணக்கும், எந்த எலும்பிலிருந்து அல்லது காதிலிருந்து எவ்வளவு தூரம் என்ற குறிப்பும்தான் பல மாதம் கழித்தும் காயத்தைக் கோர்ட்டுக்குக் காட்டும்.

காயம்பட்டவர் கவனிக்க வேண்டியது

ரத்தம் வரும் இடத்தை மட்டும் காட்டாமல், வலிக்கும் எல்லா இடத்தையும் டாக்டரிடம் சொல்லுங்கள். ஆழமான ரத்தக்கட்டு ஓரிரு நாள் கழித்தே வெளியே தெரியலாம். அப்படித் தெரிந்தால் மீண்டும் அதே மருத்துவமனைக்குப் போய்ப் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஆயுதம் என்னவென்று நிச்சயமாகத் தெரியாவிட்டால், தெரியவில்லை என்றே சொல்லுங்கள்.