மூன்று கியர் சுமக்கும் ஷாஃப்ட்: முறுக்கு எங்கே அதிகம்?

ஒரு ஷாஃப்ட்டில் பல கியர்கள் இருந்தால், அதன் நீளம் முழுக்க ஒரே அளவு முறுக்குவிசை ஓடுவதில்லை. ஒவ்வொரு கியரும் விசையை உள்ளே தள்ளுகிறது அல்லது வெளியே எடுத்துக்கொள்கிறது. அதனால் ஒரு கியரைத் தாண்டும்போதெல்லாம் உள்ளே ஓடும் அளவு மாறுகிறது. ஷாஃப்ட்டின் பருமனும் இடத்துக்கு இடம் மாறினால், அது எங்கே அதிகம் வருந்துகிறது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பகுதி பகுதியாகக் கணக்கிட வேண்டும்.

ஓர் எஃகு ஷாஃப்ட்டை எடுத்துக்கொள்ளலாம். அதில் இடது முனையில் ஒன்று, நடுவில் ஒன்று, வலது முனையில் ஒன்று என மூன்று கியர்கள். மோட்டாரின் விசை நடு கியர் வழியாக வருகிறது. அளவு 600 நியூட்டன் மீட்டர். நிமிடத்துக்கு 300 சுற்று என்றால் இது சுமார் 19 கிலோவாட் திறன். இடது கியர் 200-ஐயும் வலது கியர் 400-ஐயும் வேலைக்கு எடுத்துக்கொள்கின்றன. இடது கியருக்கும் நடு கியருக்கும் இடையே 400 மி.மீ. நீளத்துக்கு 30 மி.மீ. விட்டமுள்ள கெட்டிக் கம்பி. நடு கியரிலிருந்து வலப்புறம் விட்டம் 40 மி.மீ.; முதல் 300 மி.மீ. கெட்டி, அடுத்த 300 மி.மீ. நடுவில் 24 மி.மீ. துளையிட்ட குழல்.

முதல் வேலை, ஒவ்வொரு பகுதியிலும் ஓடும் முறுக்குவிசையைக் கண்டுபிடிப்பது. ஷாஃப்ட்டை ஓரிடத்தில் வெட்டியதாகக் கற்பனை செய்து, வெட்டுக்கு ஒரு பக்கம் இருக்கும் கியர்களை மட்டும் கூட்டிப் பார்த்தால் போதும். இடது பகுதியில் வெட்டினால் அந்தப் பக்கம் இருப்பது இடது கியர் மட்டுமே. எனவே உள்ளே ஓடுவது 200. நடு கியரைத் தாண்டி வெட்டினால் ஒரு திசையில் 600, எதிர்த்திசையில் 200, மிச்சம் 400. மோட்டார் தரும் 600 இந்த ஷாஃப்ட்டின் எந்தப் பகுதியிலும் முழுதாக ஓடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். உள்ளே வரும் விசையை அப்படியே எடுத்து எல்லாப் பகுதிக்கும் போட்டுவிடுவதுதான் இந்தக் கணக்கில் அடிக்கடி நேரும் தவறு.

அடுத்தது தகைவு. முறுகும் வட்டக் கம்பியில் வெட்டுத் தகைவு மையத்தில் சுழியம். வெளியே போகப் போக நேர்விகிதத்தில் ஏறி மேற்பரப்பில் உச்சத்தைத் தொடுகிறது.

τ = T r / J

T முறுக்குவிசை, r மையத்திலிருந்து தூரம். J என்பது குறுக்குவெட்டின் வடிவம் முறுகலை எவ்வளவு எதிர்க்கிறது என்பதைச் சொல்லும் அளவு. கெட்டிக் கம்பிக்கு அது πd⁴/32. குழலுக்கு வெளிவிட்டத்தின் நான்காம் படியிலிருந்து உள்விட்டத்தின் நான்காம் படியைக் கழித்துப் போட வேண்டும்.

எண்களை இட்டால், 400 ஓடும் கெட்டிப் பகுதியில் மேற்பரப்புத் தகைவு 31.8 மெகாபாஸ்கல். அதே 400 ஓடும் குழலில் 36.6. பாதி விசையான 200 மட்டுமே ஓடும் இடது பகுதியிலோ 37.7. மிகக் குறைந்த விசை ஓடும் இடத்தில்தான் தகைவு மிக அதிகம். தகைவு விட்டத்தின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் மாறுவதே காரணம். அந்தப் பகுதியின் விட்டத்தை வெறும் 2 மி.மீ. கூட்டி 32 ஆக்கினால் தகைவு 31.1-க்கு இறங்கிவிடும்.

குழலில் நடந்ததும் பார்க்கத் தக்கது. 24 மி.மீ. துளை, அந்தப் பகுதியின் எஃகில் 36 விழுக்காட்டை எடுத்துவிட்டது. தகைவு கூடியதோ 15 விழுக்காடு மட்டுமே. மையத்தை ஒட்டிய எஃகு அதிகம் சுமப்பதில்லை. எடை குறைய வேண்டிய இடங்களில் ஷாஃப்ட்டைக் குழலாகச் செய்வது இதனால்தான்.

இனி முறுக்கக் கோணம்.

φ = T L / (G J)

L பகுதியின் நீளம். G விறைப்புக் குணகம். எஃகுக்குச் சுமார் 80 கிகாபாஸ்கல். விடை ரேடியனில் வரும், 57.3 ஆல் பெருக்கினால் பாகை. இடது பகுதி முறுகுவது 0.72 பாகை. வலப்புறக் கெட்டிப் பகுதி 0.34, குழல் 0.39, இரண்டும் சேர்ந்து 0.73.

இடது முனைக்கும் வலது முனைக்கும் இடையே எவ்வளவு முறுகல்? மூன்றையும் கூட்டி 1.45 என்று எழுதினால் தவறு. இழுத்துச் செல்வது நடு கியர். இரு முனைக் கியர்களும் அதற்குப் பின்தங்குகின்றன. நடுவிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே பக்கமாகத்தான் திரும்பியிருக்கின்றன. எனவே இரு முனைகளுக்கும் இடையிலான வேறுபாடு கழித்து வருவது: ஏறத்தாழ 0.014 பாகை. முனைகளை மட்டும் ஒப்பிட்டால் ஷாஃப்ட் முறுகவே இல்லை என்று தோன்றும். உள்ளே ஒவ்வொரு பக்கமும் முக்கால் பாகை அளவுக்கு முறுகியிருக்கும். சுமை இடம் மாறி இடது கியர் 400-ஐயும் வலது கியர் 200-ஐயும் எடுத்தால் இந்தச் சமநிலை குலைந்துவிடும். இடப்பக்கம் 1.44, வலப்பக்கம் 0.37, வேறுபாடு ஒரு பாகையைத் தாண்டும். இரு முனைக் கியர்களும் ஒரே சட்டத்தின் இரு ஓரங்களைத் தள்ளும் எந்திரத்தில், சட்டம் கோணலாக நகர இது போதும். இடப்பக்கத் தகைவும் இரட்டிப்பாகி 75 ஆகிவிடும்.

இந்தச் சூத்திரங்களுக்கு எல்லைகள் உண்டு. வட்டக் குறுக்குவெட்டுக்கு மட்டுமே இவை பொருந்தும். சதுரக் கம்பி முறுகும்போது அதன் குறுக்குவெட்டு தட்டையாக நிற்காமல் நெளிகிறது. அங்கே உச்சத் தகைவு மையத்திலிருந்து மிகத் தொலைவிலுள்ள மூலையில் அல்ல, பக்கங்களின் நடுவில் இருக்கும். எஃகு மீள்தன்மையை இழக்காத வரையில்தான் கணக்கு செல்லும் என்பதும் நிபந்தனை.

படியும் தனிக் கவனம் கேட்கிறது. 30 மி.மீ. பகுதி 40 மி.மீ. பகுதியைச் சேரும் மூலையில் தகைவு குவிகிறது. அந்த மூலையில் 1 மி.மீ. ரேடியஸ் மட்டும் விட்டுக் கடைந்தால் அங்கே தகைவு சுமார் 1.9 மடங்கு, அதாவது 70 மெகாபாஸ்கலை எட்டும். ரேடியஸை 3 மி.மீ. ஆக்கினால் ஏறத்தாழ 1.45 மடங்காகக் குறைந்து 55 அளவில் நிற்கும். லேத்தில் சில நிமிட வேலைதான்.

உடைந்த ஷாஃப்ட்டின் முகமும் காரணத்தைச் சொல்லும். ஒரே அடியில் அளவுக்கு மீறி முறுக்கப்பட்ட மென்மையான எஃகு, அச்சுக்குச் செங்குத்தாகத் தட்டையாக அறுபடும். சுண்ணக்கட்டியின் இரு முனைகளையும் பிடித்து முறுக்கினால் 45 பாகையில் சுருளாக உடையும். வார்ப்பிரும்பு போன்ற நொறுங்கும் பொருள்களும் அப்படியே. படியின் மூலையில் தொடங்கி, முகத்தில் அடுத்தடுத்து வளைவரிகள் தெரிந்தால், அது ஒரே நாளில் வந்த முறிவல்ல; சிறுகச் சிறுக வளர்ந்த விரிசல்.

அப்படிப்பட்ட விரிசலுக்குப் பெரும்பாலும் முறுக்கு மட்டும் காரணமாவதில்லை. 100 மி.மீ. ஆரமுள்ள நடு கியர் 600 நியூட்டன் மீட்டரை ஏற்க அதன் பல்லில் 6000 நியூட்டன் விசை அழுத்த வேண்டும். அந்த அழுத்தம் ஷாஃப்ட்டை முறுக்குவதோடு வளைக்கவும் செய்கிறது. படியருகே அந்த வளைவு 150 நியூட்டன் மீட்டர் என்றால், 200 முறுக்கோடு அது சேரும் விதம் √(200² + 150²) = 250. தகைவு 37.7-இலிருந்து 47.2 ஆகிறது. சுமை மாறாத வரை முறுக்கால் வரும் தகைவு ஒரே நிலையில் நிற்கும். வளைவால் வரும் தகைவோ ஒவ்வொரு சுற்றிலும் இழுப்பாகவும் அமுக்கமாகவும் மாறி மாறி, நிமிடத்துக்கு 300 முறை அதே மூலையைத் தாக்கும்.